பட்டர்வொர்த்தா, செபிஷெவா? ஒரே ஐந்தாம் ஆர்டரில் 21 டெசிபெல்லும் 42 டெசிபெல்லும்

கேள்வி: ஒரு பம்பு மோட்டாரின் அதிர்வை அளக்கிறேன். 1 கிலோஹெர்ட்ஸ் வரை வேண்டும், நொடிக்கு 3000 மாதிரி எடுக்கிறேன். ஏடிசிக்கு முன்னால் லோ-பாஸ் ஃபில்டர் போட வேண்டும். பட்டர்வொர்த் போடுவதா, செபிஷெவ் போடுவதா? செபிஷெவ் சீக்கிரம் விழும், ஆனால் ரிப்பிள் இருக்கும், ஃபேஸும் கெட்டுப்போகும் என்கிறார்கள். எவ்வளவு கெடும்?

பதில்:

உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்த்துவிடலாம். நொடிக்கு 3000 மாதிரி என்றால் 1500 ஹெர்ட்ஸில் ஒரு கண்ணாடி நிற்கிறது. 2000 ஹெர்ட்ஸில் வரும் இரைச்சல் மடங்கி 1000 ஹெர்ட்ஸாகத் தெரியும், 2200 ஹெர்ட்ஸில் வருவது 800 ஆகத் தெரியும். 1500-க்கும் 2000-க்கும் நடுவில் வருவதும் மடங்கத்தான் செய்யும், ஆனால் அது 1000-க்கு மேலேதான் விழும். நமக்கு வேண்டிய இடத்தில் அது கை வைப்பதில்லை. ஆகவே 1000 வரை விட வேண்டும், 2000-லிருந்து அடக்க வேண்டும். மோட்டார் ஒரு டிரைவில் ஓடினால் அதன் ஸ்விட்சிங் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அதனால் அங்கே 40 டெசிபெல், அதாவது நூறில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன். 1000 வரைக்கும் 0.5 டெசிபெல்லுக்கு மேல் விலகக் கூடாது என்றும் வைப்போம். அது வீச்சில் 5.6 சதவீதம். அதிர்வு சென்சார்களின் அதிர்வெண் எல்லையையே பெரும்பாலும் 5 சதவீத விலகலுக்குத்தான் எழுதுகிறார்கள், ஆகவே சென்சாரை விடக் கண்டிப்பாக ஃபில்டரைக் கேட்பதில் பெரிய பயன் இல்லை.

இப்போது ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் காணும் ஒப்பீட்டுப் படங்களில் பாதி இதில்தான் விழுகின்றன. பட்டர்வொர்த்துக்கு "1 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர்" என்றால் அங்கே வெளிவருவது 3 டெசிபெல் குறைந்திருக்கும். செபிஷெவுக்கு அதே "1 கிலோஹெர்ட்ஸ்" என்றால் ரிப்பிள் முடியும் இடம், அங்கே 0.5 டெசிபெல்தான் குறைந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து வரைந்துவிட்டு இது நல்லது, அது நல்லது என்று சொன்னால், ஒருவர் 3 டெசிபெல் இழந்த இடத்தையும் இன்னொருவர் அரை டெசிபெல் இழந்த இடத்தையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டதாகும். ஐந்தாம் ஆர்டர் பட்டர்வொர்த்துக்கு 1000 ஹெர்ட்ஸ் என்று கொடுத்தால், 900 ஹெர்ட்ஸிலேயே 1.3 டெசிபெல் போய்விடும். "மிகத் தட்டையான" ஃபில்டர் என்று பெயர், நமக்கு வேண்டிய பகுதியின் ஓரத்தில் 14 சதவீதம் காணாமல் போயிருக்கும்.

நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் 1000 ஹெர்ட்ஸில் சரியாக 0.5 டெசிபெல்லில் நிற்க வேண்டும். அப்படி எழுதினால் இரண்டு சூத்திரங்களும் ஒன்று போலவே இருக்கும்:

```
பட்டர்வொர்த்:  |H|² = 1 / (1 + ε² · x^(2n))
செபிஷெவ்:     |H|² = 1 / (1 + ε² · Tn(x)²)
x = f / 1000,   0.5 டெசிபெல்லுக்கு ε² = 0.122
```

இதில் n என்பது ஆர்டர். ஐந்தாம் ஆர்டருக்கு முதலாவதில் வருவது வெறும் x⁵. இரண்டாவதில் வருவது T5(x) = 16x⁵ − 20x³ + 5x. x = 1 என்று போட்டால் இரண்டும் 1 தான். x = 2 என்று போடுங்கள்: முதலாவது 32, இரண்டாவது 362. பதினோரு மடங்கு வித்தியாசம், அதாவது 21 டெசிபெல். உங்கள் 2000 ஹெர்ட்ஸில் ஐந்தாம் ஆர்டர் பட்டர்வொர்த் 21 டெசிபெல் அடக்கும், ஐந்தாம் ஆர்டர் செபிஷெவ் 42 டெசிபெல் அடக்கும். இரண்டிலும் அதே எண்ணிக்கை ஆப்-ஆம்ப், அதே எண்ணிக்கை கெப்பாசிட்டர்.

இந்தப் பதினோரு மடங்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் முழு விஷயமும். மாதச் சம்பளம் வாங்குகிற இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த் மாதம் முழுக்கப் பைசாவைத் தொடமாட்டார். 500 ஹெர்ட்ஸில் அவர் இழப்பது ஆயிரத்தில் ஒரு டெசிபெல் கூட இல்லை. 0.5 டெசிபெல் அனுமதி இருக்கிறதே, அதைக் கடைசி இரண்டு நாளில் மொத்தமாகச் செலவழிப்பார். செபிஷெவ் அந்த அனுமதியை முதல் தேதியிலிருந்தே எடுத்துச் செலவழித்து, திருப்பி வைத்து, மறுபடி எடுத்து, மாதம் முழுக்கப் பயன்படுத்துகிறார். எல்லையைத் தாண்டாமல் உள்ளே ஆடிக்கொண்டே இருப்பதால், எல்லைக்கு வந்து சேரும்போது நல்ல வேகத்தில் இருக்கிறார். x −1-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும்போது மதிப்பு −1, +1 என்ற வேலிக்குள் அடங்கி இருக்க வேண்டும், 1-ஐத் தாண்டியதும் முடிந்தவரை வேகமாக வளர வேண்டும் என்று கேட்டால், அந்தப் படிக்குள் செபிஷெவ் பல்லுறுப்புக் கோவையை விட வேகமாக வளர்வது எதுவும் கிடையாது. இது நிறுவப்பட்ட கணிதம். 19-ஆம் நூற்றாண்டின் ரஷ்யக் கணிதர் செபிஷெவ் இதற்கு வந்தது ஃபில்டர் வழியாக அல்ல. நீராவி எஞ்சினின் இணைப்புத் தண்டுகள் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகும் என்ற கேள்வியிலிருந்து வந்தார். பட்டர்வொர்த் என்ற ஆங்கிலேயர் தன் தட்டையான ஃபில்டரை 1930-இல் வால்வு ஆம்ப்ளிஃபயர்களுக்காக எழுதினார்.

ஒரு சின்னத் திருத்தமும் இங்கே சொல்ல வேண்டும். "செபிஷெவ் அதிகச் சரிவு உடையது" என்பது எல்லைக்குப் பக்கத்தில் மட்டும் உண்மை. வெகு தூரம் போனால் இரண்டுமே ஐந்தாம் ஆர்டருக்கு ஆக்டேவுக்கு 30 டெசிபெல் என்றுதான் விழும். செபிஷெவ் தொடக்கத்தில் பிடித்த முன்னிலையைக் கடைசி வரை வைத்திருக்கும், அவ்வளவுதான். நீங்கள் அடக்க வேண்டிய இரைச்சல் 2 கிலோஹெர்ட்ஸில் இல்லாமல் 20 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் இந்த விவாதமே தேவையில்லை, எதைப் போட்டாலும் போதும்.

சரி, பட்டர்வொர்த்தே வேண்டும் என்றால் எத்தனையாம் ஆர்டர் வேண்டும்? பைத்தானில் இரண்டு வரி:

```python
from scipy import signal
print(signal.buttord(1000, 2000, 0.5, 40, analog=True))
print(signal.cheb1ord(1000, 2000, 0.5, 40, analog=True))
```

முதலாவதற்கு 9 என்றும், இரண்டாவதற்கு 5 என்றும் வரும். முதலாவதோடு வரும் அதிர்வெண்ணையும் பாருங்கள்: சுமார் 1124 இருக்கும். 1000-இல் அரை டெசிபெல்லில் நிற்பதற்காக 3 டெசிபெல் புள்ளியை அங்கே தள்ளி வைக்கச் சொல்கிறது. நான் சொன்ன பொறி `butter`, `cheby1` இரண்டிலும் அப்படியே உண்டு. `butter` கேட்பது 3 டெசிபெல் புள்ளியை, `cheby1` கேட்பது ரிப்பிள் எல்லையை. ஒரே எண்ணை இரண்டிலும் போட்டுவிட்டு வியக்காதீர்கள்.

ஒன்பது என்றால் நான்கு இரண்டாம் ஆர்டர் கட்டங்களும் ஒரு ஆர்சியும். ஐந்து என்றால் இரண்டு கட்டங்களும் ஒரு ஆர்சியும். இதுதான் உங்கள் முன்னால் இருக்கும் உண்மையான தேர்வு. ஐந்தாம் ஆர்டர் பட்டர்வொர்த்தையும் ஐந்தாம் ஆர்டர் செபிஷெவையும் பக்கத்தில் வைத்து ஃபேஸைப் பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் அந்தப் பட்டர்வொர்த் உங்கள் வேலையைச் செய்யவே செய்யாது.

ரிப்பிளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், பலருக்கும் அதன் பெயரைக் கேட்டாலே பயம். அது இரைச்சல் அல்ல, நேரத்தில் ஆடுவதும் அல்ல. எந்த அதிர்வெண் எவ்வளவு வெளியே வருகிறது என்ற கோட்டில் இருக்கும் மேடு பள்ளம், நிலையானது, நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். உங்கள் ஐந்தாம் ஆர்டரில் மேடுகள் 0, 588, 951 ஹெர்ட்ஸில் வரும். பள்ளங்கள் 309, 809, 1000 ஹெர்ட்ஸில் வரும். மேட்டில் 1 என்று வருவது பள்ளத்தில் 0.944 என்று வரும். மோட்டாரின் ஒரு அதிர்வு 809-இல் இருந்தால் அதை 5.6 சதவீதம் குறைத்துக் காட்டும். அது பொறுக்காது என்றால், எஃப்எஃப்டி எடுத்த பிறகு ஒவ்வொரு புள்ளியையும் அந்த இடத்தின் மதிப்பால் வகுத்துவிடலாம், மேடு பள்ளம் போய்விடும். அல்லது 0.1 டெசிபெல் ரிப்பிளுக்கு இறங்குங்கள், விலகல் 1.1 சதவீதம்தான் இருக்கும், ஆர்டர் 6 ஆகும். ஆனால் ஆறு இரட்டைப்படை. இரட்டைப்படைச் செபிஷெவ் பூஜ்ஜியம் ஹெர்ட்ஸில் மேட்டில் தொடங்காது, பள்ளத்தில் தொடங்கும். அதிர்வுக்கு அதனால் ஒன்றுமில்லை. எடை, அழுத்தம் போன்று நிலையாக நிற்கும் அளவை எடுப்பவர்கள்தான் அந்தக் குறைவைக் கெயினில் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

ஃபேஸுக்கு வருவோம், இங்கேதான் கேட்டது பாதி சரியாகவும் பாதி தவறாகவும் பரவியிருக்கிறது. ஃபேஸ் தள்ளிப்போவதே கெடுதல் என்று இல்லை. எல்லா அதிர்வெண்ணும் ஒரே அளவு நேரம் தாமதமானால் அலையின் உருவம் அப்படியே இருக்கும், கொஞ்சம் பிந்தி வரும், அவ்வளவே. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு தாமதமானால்தான் உருவம் குலையும். ஆகவே பார்க்க வேண்டியது குரூப் டிலே எவ்வளவு மாறுகிறது என்பதை. உங்கள் ஐந்தாம் ஆர்டர் செபிஷெவில் அது 0 ஹெர்ட்ஸில் 0.67 மில்லிநொடி, 300-இல் 0.60, 500-இல் 0.72, 800-இல் 0.81. அதுவரை பரவாயில்லை. 1000-இல் 1.69. கடைசி 200 ஹெர்ட்ஸில் இரண்டு மடங்காகிவிடுகிறது. 1 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 1 மில்லிநொடி, ஆகவே மேல் ஓரத்தில் இருக்கும் பகுதி மற்றவற்றை விட ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று பின்தங்கி வந்து சேர்கிறது.

இப்போது ஒன்பதாம் ஆர்டர் பட்டர்வொர்த்: 0 ஹெர்ட்ஸில் 0.82 மில்லிநொடி, 1000-இல் 1.39. வித்தியாசம் 0.57. செபிஷெவின் 1.09-க்கு இது ஏறக்குறையப் பாதி. நல்லதுதான். ஆனால் பாடப் புத்தகப் படங்களைப் பார்த்து நாம் மனத்தில் வைத்திருக்கும் அந்தப் பெரிய இடைவெளி இதில் இல்லை. மொத்தத் தாமதத்தில் தொடக்கத்தில் பட்டர்வொர்த்தான் மெதுவாகக் கூட இருக்கிறது. காரணம் எளிது. ஃபேஸைக் கெடுப்பது ரிப்பிள் அல்ல, செங்குத்து. இந்த வகை ஃபில்டர்களில் வீச்சுக் கோட்டை நிர்ணயித்துவிட்டால் ஃபேஸ் கோடு தானாக நிர்ணயமாகிவிடும், தனியாகப் பேரம் பேச முடியாது. 1000-க்கும் 2000-க்கும் நடுவில் 40 டெசிபெல் விழ வேண்டும் என்று கேட்ட அந்த நொடியே விலையின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டீர்கள். யார் கடையில் வாங்கினாலும் கொஞ்சம் கூடக் குறையத்தான் இருக்கும்.

இதன் விளைவு திரையில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன், ஏனென்றால் நானே இதில் ஏமாந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பேரிங் சோதனையில், நீங்கள் கேட்கும் இதே போன்ற ஐந்தாம் ஆர்டர் செபிஷெவ் போட்டிருந்தேன். ஒவ்வொரு தட்டலுக்கும் பின்னால் 1010 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அழகான ஒரு வால், ஆறு மில்லிநொடி நீளம், மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே போனது. பேரிங் கூட்டின் சொந்த அதிர்வு அது என்று முடிவே கட்டிவிட்டேன். கூட்டை இறுக்கினேன், சென்சாரை இடம் மாற்றினேன், மெழுகுக்குப் பதில் பசையால் ஒட்டினேன். இரண்டு நாள் போயிற்று. அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸ் கூட அசையவில்லை. அப்புறம்தான் உறைத்தது. எதை மாற்றினாலும் அசையாதது எந்திரத்தில் இருக்க முடியாது. சென்சாரைக் கழற்றிவிட்டு, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 20 ஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்தேன். ஒவ்வொரு ஓரத்துக்குப் பின்னாலும் அதே வால் வந்து நின்றது.

கணக்கும் அதையே சொல்கிறது. அந்தச் செபிஷெவின் இரண்டாவது கட்டம் 1018 ஹெர்ட்ஸில், க்யூ 4.5 என்று உட்கார்ந்திருக்கிறது. தட்டினால் அது மணி போல அடிக்கும். அதன் ஒலி தேயும் கால மாறிலி 1.42 மில்லிநொடி, நூறில் ஒன்றாகத் தேய 6.5 மில்லிநொடி ஆகும். ஒன்பதாம் ஆர்டர் பட்டர்வொர்த்தில் மிகக் கூர்மையான கட்டத்தின் க்யூ 2.9, கால மாறிலி 0.82 மில்லிநொடி, 3.8 மில்லிநொடியில் அடங்கிவிடும். அதுவும் அடிக்கும், சீக்கிரம் ஓயும். பட்டர்வொர்த் அடிக்கவே அடிக்காது என்று நினைப்பவர்கள் ஐந்தாம் ஆர்டருக்கே சதுர அலை கொடுத்துப் பார்க்கலாம், சுமார் 13 சதவீதம் எகிறிவிட்டுத்தான் நிலைக்கு வரும்.

ஆகவே கேள்வி, நீங்கள் அதிர்வை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான். எஃப்எஃப்டி எடுத்து எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்த்தால், ஃபேஸ் எங்கே போனாலும் உங்களுக்குக் கவலையில்லை. ஐந்தாம் ஆர்டர் செபிஷெவ் தாராளமாகப் போடலாம். தட்டலின் உச்சி எவ்வளவு, எத்தனை மில்லிநொடிக்கு ஒரு முறை வருகிறது, அலையின் உருவம் என்ன என்று பார்ப்பதாக இருந்தால் அந்த வால் உங்களை ஏமாற்றும். இரண்டு சென்சார் வைத்து ஒன்றுக்கொன்று எத்தனை டிகிரி என்று பார்ப்பதாக இருந்தால் நிலைமை வேறு. இரண்டு சேனலிலும் ஒரே ஃபில்டர் இருந்தால் தாமதம் கழித்துப் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு ஃபில்டர்கள் ஒருநாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு சேனலின் கெப்பாசிட்டர்கள் எல்லாம் 2 சதவீதம் கூட இருந்தால், 1000 ஹெர்ட்ஸில் செபிஷெவ் 12 டிகிரி பொய் சொல்லும். ஒன்பதாம் ஆர்டர் பட்டர்வொர்த்தும் யோக்கியம் இல்லை, 10 டிகிரி.

பாகங்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன், காகிதத்தில் வெல்லும் செபிஷெவ் மேசையில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். க்யூ 4.5 உள்ள அந்தக் கட்டத்தில் இரண்டு கெப்பாசிட்டரும் 5 சதவீதம் கூட இருந்துவிட்டால், அதன் அதிர்வெண் 1018-லிருந்து 970-க்கு இறங்கும். மற்றக் கட்டங்கள் சரியாகவே இருந்தாலும், 900 ஹெர்ட்ஸில் பூஜ்ஜியத்துக்கு மேல் 1.3 டெசிபெல் மேடு எழும், 1000-இல் 1.2 டெசிபெல் பள்ளம் விழும். அரை டெசிபெல் ரிப்பிள் என்று கணக்குப் போட்டது இரண்டரை டெசிபெல்லாகப் போய் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் எல்லாம் வேண்டாம். சைன் அலையைக் கொடுத்து 309, 588, 809, 951, 1000 என்று அந்த ஐந்து இடங்களில் மட்டும் அளந்து பாருங்கள். பள்ளங்கள் மூன்றும் ஒரே ஆழம், மேடுகள் ஒரே உயரம் என்று வந்தால் ஃபில்டர் சரி. கடைசி மூன்றும்தான் அதிகம் ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்றால் அந்தக் கூர்மையான கட்டத்தைப் பிடியுங்கள். சம உயர ரிப்பிள் என்பதில் இருக்கும் ஒரு வசதி இது: தப்பு எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

சாலன்-கீ கட்டத்தை ஒன்று என்ற கெயினில், இரண்டு ரெசிஸ்டரும் சமமாக வைத்துக் கட்டுவதுதான் பலரின் வழக்கம். அதில் இரண்டு கெப்பாசிட்டர்களின் விகிதம் க்யூவின் வர்க்கத்தின் நான்கு மடங்கு. க்யூ 4.5 என்றால் விகிதம் 83. ஒன்று 100 நானோஃபாரட் என்றால் மற்றது 1.2 நானோஃபாரட். கிடைக்காது என்றில்லை, ஆனால் அவ்வளவு சின்னக் கெப்பாசிட்டர் பக்கத்தில் போர்டின் தடங்களில் ஒட்டியிருக்கும் சில பிகோஃபாரட்களும் கணக்கில் வரத் தொடங்கும். அந்த ஒரு கட்டத்துக்கு வேறு வகைச் சுற்று எடுப்பது நல்லது. விலை குறைந்த அதிகக் கொள்ளளவு செராமிக் கெப்பாசிட்டர்களை ஃபில்டரில் போடாதீர்கள், மின்னழுத்தம் மாறினால் கொள்ளளவே மாறும். ஃபிலிம் போடுங்கள், முடிந்தால் கையால் அளந்து தேர்ந்தெடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டில் எதையும் போடமாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் தலைவலி ஃபில்டரில் இல்லை, நொடிக்கு 3000 என்ற எண்ணில் இருக்கிறது. இன்றைய சாதாரண மைக்ரோகண்ட்ரோலரின் ஏடிசிக்கு 12000 மாதிரி ஒரு பொருட்டே அல்ல. நொடிக்கு 12000 எடுத்தால் 1000 ஹெர்ட்ஸுக்குள் மடங்கி விழுவது 11000-இலிருந்துதான் தொடங்கும். அந்த இடைவெளிக்கு மூன்றாம் ஆர்டர் பட்டர்வொர்த், 3 டெசிபெல் புள்ளி 1420 ஹெர்ட்ஸில், போதும். 1000-இல் அரை டெசிபெல்தான் குறையும், 11000-இல் 53 டெசிபெல் அடங்கும். க்யூ 1, ஒரு ஆப்-ஆம்ப், 5 சதவீதக் கெப்பாசிட்டர் போட்டாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. குரூப் டிலே 0.22-லிருந்து 0.30 மில்லிநொடி வரைதான் போகும். அந்த 2 சதவீத வித்தியாசத்துக்கு இது காட்டும் பிழை 2 டிகிரி.

2 கிலோஹெர்ட்ஸ் டிரைவ் இரைச்சல் இப்போது உள்ளே வரும், ஆனால் மடங்காமல் 2 கிலோஹெர்ட்ஸாகவே வரும். அதை உள்ளே, டிஜிட்டலில், நீளமான எஃப்ஐஆர் ஃபில்டர் ஒன்றால் வெட்டுங்கள். அதன் குணகங்கள் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் தாமதம் எல்லா அதிர்வெண்ணுக்கும் துல்லியமாக ஒன்றே. வெட்டிய பிறகு நான்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் நொடிக்கு 3000 என்ற உங்கள் பழைய எண்ணுக்கே வந்துவிடலாம், சேமிக்கும் இடமும் கூடாது. டிஜிட்டலிலும் கணக்கு நேரத்தை மிச்சப்படுத்தச் செபிஷெவ் ஐஐஆர் போட்டுவிடாதீர்கள், வெளியே தவிர்த்த அதே ஃபேஸ் உள்ளே வந்து உட்காரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சென்சாருக்கும் அதன் சொந்த அதிர்வு உண்டு, அது பல கிலோஹெர்ட்ஸில் இருக்கும், அங்கே அதன் உணர்திறன் பல மடங்கு எகிறும். உங்கள் சென்சாரின் தரவுத் தாளில் அது எங்கே என்று பாருங்கள். 11 அல்லது 12 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் இருந்தால் 53 டெசிபெல்லில் 20 டெசிபெல்லுக்கு மேல் அதற்கே போய்விடலாம். அப்போது மாதிரி எடுக்கும் வேகத்தை 24000 ஆக்குங்கள். ஃபில்டரைத் தொட வேண்டாம்.